மாவு விற்க நாலு தெரு போதும்: டெலிவரி எல்லையும் மறு ஆர்டரும்

வீட்டில் மாவு அரைத்தோ, வயலில் கீரை பறித்தோ விற்க ஆரம்பிக்கும் எல்லோருக்கும் முதலில் கிடைக்கும் யோசனை ஒன்றே ஒன்றுதான். "இன்ஸ்டாவில் போடு, கொஞ்சம் காசு கட்டி பூஸ்ட் பண்ணு, ஆர்டர் கொட்டும்." ஸ்ரீரங்கத்தில் என் அண்ணிக்கும் இதைத்தான் சொன்னார்கள், சொன்னவர்களில் நானும் ஒருவன். அண்ணி இட்லி மாவு அரைத்து விற்கிறார். திருவளர்ச்சோலைப் பக்கம் அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அங்கிருந்து தினமும் கீரையும் வரும். 1500 ரூபாய் கட்டி விளம்பரம் போட்டோம். 40 பேர் விசாரித்தார்கள். தில்லைநகர், கே.கே.நகர், திருவெறும்பூர், லால்குடியிலிருந்து ஒருவர் என்று எங்கெங்கிருந்தோ வந்த செய்திகளைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணிதான் கேட்டார்: "ஏன் தம்பி, லால்குடிக்கு 1 கிலோ மாவை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு வரும், ஆனால் கூட்டல் வகுத்தலைத் தாண்டாது.

## பூக்காரம்மாவின் லைன்

உங்கள் தெருவுக்கு வரும் பூக்காரம்மாவை நினைத்துப் பாருங்கள். அவர் போஸ்டர் ஒட்டுவதில்லை. இந்தத் தெருவில் பதினைந்து வீடு, அடுத்த தெருவில் பத்து வீடு, இந்த வீட்டுக்கு ரெண்டு முழம், அந்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் என்று எல்லாம் மனதில் இருக்கும். பால்காரரும் பேப்பர் போடுபவரும் இப்படித்தான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லைன். ஒருவர் தொழிலை விடும்போது தன் லைனை இன்னொருவருக்குக் காசு வாங்கிக்கொண்டு கைமாற்றுவதும் உண்டு. அங்கே விலைபோவது சைக்கிளோ கேனோ கிடையாது, வாரம் தவறாமல் வாங்கும் வீடுகளின் பட்டியல்தான்.

லைன் என்பதற்குள் ரெண்டு விஷயம் இருக்கிறது. வீடுகள் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். அதே வீடுகள் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். முதல் விஷயத்தை டெலிவரி எல்லை என்றும் ரெண்டாவதை மறு ஆர்டர் என்றும் சொல்கிறோம். நாங்கள் போட்ட விளம்பரத்தில் இந்த ரெண்டையுமே யோசிக்கவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மட்டும்தான் பார்த்தோம்.

## வரைபடத்தில் வட்டம், நடுவே ஆறு

டெலிவரி எல்லை என்றால், உங்கள் பொருள் கெடாமலும் உங்கள் லாபம் கரையாமலும் போய்ச் சேரக்கூடிய இடம். விளம்பரம் போடும் திரையில் அதை ஒரு வட்டமாகத்தான் கேட்பார்கள். வரைபடத்தில் உங்கள் வீட்டில் ஒரு புள்ளி வைத்து, சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரத்தில் இப்படிப் புள்ளி வைத்தால் 1 கிலோமீட்டர் வரை சுருக்கலாம். நாங்கள் புள்ளியே வைக்கவில்லை, "திருச்சி" என்று ஊர் பெயரைத் தட்டிவிட்டோம். 40 விசாரிப்பில் 31 எல்லைக்கு வெளியே இருந்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் வட்டத்தைச் சரியாகப் போட்டிருந்தாலும் சிக்கல் இருக்கிறது. ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கோயிலை மையமாக வைத்து 3 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதில் ஒரு பெரிய பகுதி ஆறும் மணலும் அக்கரையும்தான். நேர்கோட்டுக் கணக்கில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிட்டத்தில்தான் இருக்கிறது, வண்டியில் போகப் பாலம் ஏற வேண்டும். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள், திறக்கச் சில மாதங்கள் ஆயின. அக்கரையை நம்பி லைன் வைத்திருந்தவர்கள் அப்போது என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்தாலே போதும். உங்கள் ஊரில் ஆறு இல்லாமல் இருக்கலாம், ரயில்வே கேட்டோ நாலுவழிச் சாலையோ இருக்கும். அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது, இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அந்த விளம்பரங்கள் ஓர் இடத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும் காட்டப்படுவதில்லை, சமீபத்தில் அங்கே வந்துபோனவர்களுக்கும் காட்டப்படும். ஸ்ரீரங்கத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப்பெருக்குக்கும் வெளியூரிலிருந்து வந்து குவியும் கூட்டம் முழுக்க அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். சேலத்திலிருந்து சேவிக்க வந்தவர் அண்ணியின் இட்லி மாவு விளம்பரத்தைப் பார்ப்பார், அதற்கும் உங்கள் காசுதான் போகும். கோயில், பெரிய ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருப்பவர்கள் திருவிழா நாட்களில் இந்த மாதிரி விளம்பரத்தை நிறுத்திவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விளம்பரத்தின் வட்டம் வேறு, உங்கள் வண்டி போகும் எல்லை வேறு. வண்டி போகும் வழியை வைத்து முதலில் எல்லையைப் போடுங்கள், விளம்பரத்தை அதற்குள் அடக்குங்கள்.

## எல்லையை நிமிடத்தில் அளப்பது

எல்லை எவ்வளவு என்பதைப் பொருள்தான் முடிவுசெய்யும். கிலோமீட்டரை விட நிமிடத்தில் யோசித்தால் இது எளிதில் பிடிபடும்.

மாவு கவரில் போட்டுக் கட்டிய பிறகும் புளித்துக்கொண்டேதான் இருக்கும். மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் கவர் பலூன் மாதிரி உப்பும், முடிச்சு சரியில்லை என்றால் பிதுங்கி வழியும், கடைசி வீட்டுக்காரருக்குப் போவது புளித்த மாவு. அவர் அதைச் சண்டை போட்டுச் சொல்ல மாட்டார், அடுத்த வாரம் வாங்காமல் விட்டுவிடுவார். கீரை விடியற்காலையில் பறித்தது, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். சாப்பாடு விற்பவருக்கு இன்னும் குறுகல், சூடு ஆறும் வரைதான் அவருடைய எல்லை. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், வடாம் விற்பவருக்கு எல்லையே கிடையாது, பார்சல் சர்வீஸில் சென்னைக்கும் அனுப்பலாம்.

ஆக ஒரே வீட்டில் செய்யும் பொருள்களுக்கே எல்லை வேறு வேறாக இருக்கும். அண்ணி மாவுக்கும் கீரைக்கும் வைத்த எல்லை, வண்டி வீட்டிலிருந்து கிளம்பி எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்ப ஒரு மணி நேரம்.

## ஒரு கிலோ மாவின் கணக்கு

இனி நிஜமான கணக்குக்கு வருவோம். அண்ணியின் நோட்டில் இருந்தபடி சொல்கிறேன், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

1 கிலோ மாவு 50 ரூபாய்க்கு விற்கிறார். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 30 ரூபாய் ஆகிறது. மிச்சம் 20. இதில் அண்ணியின் உழைப்புக்குக் கூலி போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் அந்த 20-ஐ அப்படியே லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டெலிவரிக்குப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் வருகிறான், ஒரு மணி நேர ரவுண்டுக்கு 100 ரூபாய், பெட்ரோல் தனி. அந்த முதல் விளம்பரத்துக்குப் பிறகு ஆர்டர்கள் சிதறிக் கிடந்தன. அம்மா மண்டபம் ரோட்டில் ஒன்று, திருவானைக்காவலில் ரெண்டு, பாலம் தாண்டி ஒன்று. ஒரு ரவுண்டில் நாலு வீடுதான் முடிந்தது. பெட்ரோலோடு 130 ரூபாய், வீட்டுக்கு 32 ரூபாய்க்கு மேல். மிச்சமே 20 தான் எனும்போது, ஒவ்வொரு கவருக்கும் அண்ணி கையிலிருந்து 12 ரூபாய் கொடுத்து மாவை அனுப்பிக்கொண்டிருந்தார். ஆர்டர் கூடக்கூட நஷ்டமும் கூடும், ஆனால் போன் அடித்துக்கொண்டே இருப்பதால் வியாபாரம் நன்றாகப் போவதுபோலத் தெரியும்.

அதே ஒரு மணி நேரத்தில், வீடுகள் நாலைந்து தெருவுக்குள் இருந்தால் 12 வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். பெட்ரோலும் குறைகிறது. மொத்தம் 112 ரூபாய், வீட்டுக்கு 9 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கையில் 10 ரூபாய் நிற்கும்.

இந்த வித்தியாசத்துக்குப் பெயர் அடர்த்தி. ஒரு ரவுண்டில் எத்தனை வீட்டுக்குக் கொடுக்க முடிகிறது என்பதே அது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்லையை ரெண்டு மடங்கு பெரிதாக்கினால் வாடிக்கையாளரும் ரெண்டு மடங்கு கிடைப்பார்கள் என்று நினைப்பு. 1 கிலோமீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 3 சதுர கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் வட்டத்துக்கு 12-க்கு மேல். அதாவது இடம் நாலு மடங்கு விரிகிறது. உங்கள் கிரைண்டர் அரைக்கும் மாவு அதேதான், கிடைக்கும் 12 ஆர்டரும் அதேதான். அவை நாலு மடங்கு இடத்தில் இறைந்து கிடக்கும், அவ்வளவுதான் நடக்கும்.

## ஒரு முறை வாங்கியவரும் ஆறு மாதம் வாங்குபவரும்

அடுத்தது மறு ஆர்டர். ஒரு வீடு வாரம் ரெண்டு முறை மாவு வாங்கினால் மாதத்துக்கு 8 ஆர்டர், அண்ணிக்கு 80 ரூபாய். ஒரு தடவை வாங்கிவிட்டுப் போகிறவரால் கிடைப்பது 10 ரூபாய். வெறும் 10 ரூபாய்க்காக எந்த விளம்பரமும் போட முடியாது, நோட்டீஸ் ஒன்றுக்கே ஒன்றரை ரூபாய் ஆகிறது.

ஒரு நிலையான வீட்டைப் பிடிக்க எவ்வளவு விளம்பரக் காசு ஆனது என்பதைப் பிடிப்புச் செலவு என்று வைத்துக்கொள்வோம். நிலையான வீடு என்று அண்ணி எதைச் சொல்கிறார் என்றால், முதல் மாதத்துக்குள் நாலாவது முறை வாங்கிய வீடு. முதல் தடவை ஆசைக்கு வாங்குவார்கள், ரெண்டாவது தடவை உங்கள் முகத்துக்காக வாங்குவார்கள், நாலாவது தடவை வாங்கினால் அது பழக்கம் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இன்ஸ்டா விளம்பரம்: 1500 ரூபாய். 40 பேர் கேட்டார்கள். எல்லைக்குள் இருந்தவர்கள் 9. வாங்கிப் பார்த்தவர்கள் 5. நிலைத்தது 1 வீடு. பிடிப்புச் செலவு 1500. மாதம் 80 ரூபாய் வீதம் அந்தக் காசு திரும்பி வர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும்.

அடுத்த மாதம் அதே 1500 ரூபாய்க்கு 1000 நோட்டீஸ் அடித்து, பக்கத்துத் தெருக்களுக்குப் பேப்பர் போடுபவரிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னோம். வாங்கிப் பார்த்தவர்கள் 20. நிலைத்தது 6 வீடு. பிடிப்புச் செலவு 250. மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் காசு திரும்பிவிடும். அந்த ஆறு வீடும் ஒரே ரவுண்டில் வந்ததால் டெலிவரிச் செலவும் இறங்கியது.

இதிலிருந்து இன்ஸ்டா மோசம், நோட்டீஸ் உசத்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா மண்டபம் ரோட்டில் புள்ளி வைத்து, 1 கிலோமீட்டருக்குச் சுருக்கி, தெருப் பெயர்களை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இன்ஸ்டா கணக்கும் வேறு மாதிரி வந்திருக்கும். எந்த வழியானாலும் கடைசியில் வகுக்க வேண்டியது நிலைத்த வீடுகளால்தான். விசாரித்தவர்களால் வகுத்தால் அந்த விளம்பரம் ஆளுக்கு 37 ரூபாய் 50 காசு, ரொம்ப மலிவாகத் தெரியும். நாங்கள் ஏமாந்தது அங்கேதான்.

## நோட்டீஸில் என்ன எழுதினோம்

முதல் விளம்பரத்தில் "சுத்தமான, சுவையான, பாரம்பரிய முறையில்" என்றெல்லாம் எழுதியிருந்தோம். அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ரெண்டாவதில் எழுதியது இது:

"கிழக்கு, தெற்கு உத்திர வீதி, அடையவளஞ்சான் வீதி வீடுகளுக்கு: திங்கள், வியாழன் காலை 7 முதல் 8 மணிக்குள் இட்லி மாவு உங்கள் வாசலில். 1 கிலோ 50 ரூபாய். முந்தின நாள் இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும். கீரைக் கட்டும் கிடைக்கும்."

அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கத்துக்கு இன்னொரு நோட்டீஸ், அதில் செவ்வாயும் வெள்ளியும். இந்த நாள் பிரிப்புதான் விஷயமே. ஒரு தெருவுக்கு நாளைக் குறித்துவிட்டால், திங்கள் ஒருவர் புதன் ஒருவர் என்று சிதறியிருக்க வேண்டிய ஆர்டர்கள் ஒரே ரவுண்டில் வந்து சேரும். அதிக ஆள் பிடிக்காமலே அடர்த்தி கூடுகிறது. இரவு 8 மணிக் கெடுவால் எத்தனை கிலோ வேண்டும் என்பது முந்தின இரவே தெரிந்துவிடும். அண்ணி அன்று மாலை அரைத்து வைத்ததிலிருந்து அளந்து கட்டுகிறார், மீதியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார். காலையில் எழுந்து எத்தனை கவர் என்று தவிக்க வேண்டியதில்லை. தெருப் பெயரைப் படித்ததும் 'இது நமக்குத்தான்' என்று படிப்பவருக்குத் தோன்றும், மற்றவர்கள் கூப்பிட்டு உங்கள் நேரத்தை எடுக்க மாட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள், கவர்மேல் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 14 இலக்க எண் அது. சொந்த நிலத்தில் விளைந்த கீரையை அப்படியே விற்கும் விவசாயிக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது, மாவாக அரைத்துவிட்டால் அந்த விலக்கு கிடையாது.

## திரும்ப வரவைக்கும் விளம்பரம்

முதல் ஆர்டருக்குப் பிறகு போடும் விளம்பரம் கிட்டத்தட்ட ஓசி. ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரே செய்தியை ஒரு பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி, ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். அண்ணி இது தெரியாமல் ஒரு மாதம் அனுப்பிக்கொண்டே இருந்தார், பாதிப் பேருக்குப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கவரிலும் சின்ன ஸ்டிக்கர்: "இந்த எண்ணை 'மாவு அக்கா' என்று சேமித்துக்கொள்ளுங்கள், உங்கள் தெருவின் நாளுக்கு முந்தின மாலை நினைவூட்டுவேன்." இதற்குப் பிறகுதான் பதில்கள் ஒழுங்காக வர ஆரம்பித்தன. பிராட்காஸ்ட்டுக்குப் பதில் குரூப் வைக்கலாமே என்றால், குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும், ஒரு நாள் மாவு புளித்தால் அந்தப் புகாரையும் எல்லோரும் படிப்பார்கள். தெருவுக்கு ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டால் திங்கள் தெருவுக்குச் செவ்வாய்ச் செய்தி போகாது.

சலுகை கொடுக்க நினைத்தால் முதல் ஆர்டரில் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. முதல் கவர் பாதி விலை என்றால் பாதி விலைக்கு வருபவர்கள்தான் வருவார்கள். அண்ணி நாலாவது ஆர்டரோடு ஒரு கட்டு அரைக்கீரை வைத்துவிடுகிறார், முன்கூட்டிச் சொல்வதும் இல்லை.

## நோட்டில் பார்க்க வேண்டியது

வீட்டுக்கு ஒரு பக்கம், அதில் வாங்கிய தேதிகள் மட்டும். தேதிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் பேசும். மூணு நாலு நாளுக்கு ஒரு முறை வாங்கும் வீடு பத்து நாளாக வாங்கவில்லை என்றால் ஏதோ நடந்திருக்கிறது. ஊருக்குப் போயிருக்கலாம். மாவு பிடிக்காமல் போயிருக்கலாம். அண்ணி செய்தி அனுப்புவதில்லை, போன் செய்து "போன வாரம் மாவு சரியா இருந்ததாக்கா?" என்று கேட்கிறார். ரவுண்டின் கடைசி மூன்று வீடுகளே தொடர்ந்து நின்றுபோனால் குற்றம் மாவில் இல்லை, ரவுண்டு நீளம். அப்படித்தான் ஒரு முறை கண்டுபிடித்தோம்: மூன்றும் அடையவளஞ்சான் வீதியின் கடைக்கோடி, மூன்றுக்கும் மாவு போனது 8 மணிக்கு மேல். ரவுண்டைத் திருப்பிப் போட்டு அங்கிருந்து ஆரம்பித்ததும் ரெண்டு வீடு திரும்பி வந்தது.

எல்லையை எப்போது பெரிதாக்கலாம் என்று கேட்டால், இருக்கும் ரவுண்டு நிரம்பி வழியும்போது. அப்போதும் வட்டத்தை ஊதிப் பெரிதாக்குவதில்லை. அண்ணி இப்போது திருவானைக்காவலுக்குத் தனி லைன் ஒன்று யோசிக்கிறார், சனிக்கிழமை மட்டும், எட்டு வீடு முன்கூட்டியே சேர்ந்தால் ஆரம்பிப்பதாக. இதுவரை ஐந்து சேர்ந்திருக்கிறது. தில்லைநகரிலிருந்து இன்னமும் யாராவது மாவு கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "மாவு பாலம் தாண்டாதுங்க, இட்லிப் பொடி வேணும்னா பார்சல்ல அனுப்பறேன்."